ஒரு தவணை பின்னால்

2022 நவம்பரில் ஒரு நாள் காலை, வங்கிக் கிளை ஒன்றில் அதிகாரியின் மேசை மீது அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார். பணம் கட்டிய ரசீதுகள் விழுந்தன. பன்னிரண்டு. மாதத்துக்கு ஒன்று. இட்லி மாவு ஒட்டிய விரல் அடையாளம் சிலவற்றில் இருந்தது. "எண்ணிப் பாருங்க சார், ஒண்ணு குறைஞ்சா கேளுங்க" என்றார். அதிகாரி எண்ணவில்லை. கணினித் திரையைப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல வாராக்கடன் இருக்கும்மா, ரெண்டாவது லோன் வராது" என்றார்.

கூடப் போயிருந்த நாங்கள் இருவரும் சமூகவியல் முதுகலை படித்தவர்கள். அக்காவுக்கு அந்த முதல் கடன் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததே நாங்கள்தான். "தவறாம கட்டினா அடுத்து பெரிசா கொடுப்பாங்க அக்கா" என்று வாக்குக் கொடுத்ததும் நாங்கள்தான். அவர் தவறாமல் கட்டியிருந்தார். அப்படியானால் திரையில் இருப்பது என்ன? அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. சரிசெய்ய இரண்டரை வருடம் ஆனது. அந்தக் கதையை எழுதச் சொல்லி அக்காவே சொன்னார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அக்கா விழுப்புரம் மாவட்டத்துக்காரர். ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் பகுதிகளில் ஒன்றில் வீடு. இட்லிக்கடையோ எட்டு கிலோமீட்டர் தள்ளி நகரத்தில், அரசு மருத்துவமனை வாசலில், தள்ளுவண்டியில். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டால் சிரிப்பார். சொந்த ஊரில் அவர் கை இட்லியை ஊர்த்தெருக்காரர்கள் வாங்கமாட்டார்கள். மருத்துவமனை வாசலில் பசியோடு வருபவர்கள் சாம்பார் சூடாக இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

அவர் கடனுக்குப் புதியவர் அல்ல. பல வருடங்களாகத் தண்டலில்தான் வியாபாரம் ஓடியது. 10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் கிடைப்பது 8,500. நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மழையோ காய்ச்சலோ, சாயங்காலம் பைக்கில் ஆள் வந்து நிற்பான். அக்கா ஒரு நாளும் தவறியதில்லை. மகளிர் சுயஉதவிக் குழுவிலும் எட்டு வருடம் இருந்தார், அங்கும் பாக்கி கிடையாது. ஆனால் தண்டல்காரன் கையில் இருப்பது ஒரு சிட்டை. கடன் முடிந்ததும் அதைக் கிழித்துப் போடுவான். குழுக் கடன் வங்கியில் குழுவின் பெயரில் இருந்தது. இத்தனை வருடம் வாங்கித் திருப்பியவருக்கு, அவர் பெயரில் ஒரு வரி வரலாறுகூட இல்லை. நம் ஆட்களில் பெரும்பாலோர் நிலை இதுதான். நாணயம் இருக்கிறது, அதற்கு எழுத்து இல்லை.

அந்த எழுத்தை வைத்திருப்பவை கடன் தகவல் நிறுவனங்கள். நாட்டில் நான்கு இருக்கின்றன: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க். எந்த வங்கியில் கடன் வாங்கினாலும், நுண்கடன் நிறுவனத்தில் வாங்கினாலும், அந்தத் தகவல் இவற்றுக்குப் போகும். ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் அறிக்கை. அதன் சாரமாக 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண். வண்டிக்கடை, தையல் கடை மாதிரி ஒருவரே நடத்தும் தொழிலுக்குத் தனிக் கணக்கு கிடையாது. கடைக்காரரின் பான் எண்ணில் இருக்கும் வரலாறுதான் கடையின் வரலாறு.

2020 ஜூனில் ஒன்றிய அரசு சாலையோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி திட்டத்தைக் கொண்டுவந்தபோது எங்களுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம், அது படிக்கட்டு மாதிரி இருந்ததுதான். முதலில் 10,000 ரூபாய், 12 மாதத்தில் கட்ட வேண்டும். ஒழுங்காகக் கட்டினால் 20,000, 18 மாதம். அதையும் கட்டினால் 50,000, 36 மாதம். பிணை கிடையாது. நேரத்தில் கட்டுபவருக்கு வட்டியில் 7 சதவீதம் மானியமாகத் திரும்பி வரும். அக்காவின் 10,000 ரூபாய் கடனுக்குத் தவணை மாதம் 889. தண்டலுக்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டி கொடுத்தவருக்கு, ஒரு வருடம் முழுக்கவும் 670 ரூபாய்க்குள் வட்டி. அதிலும் பாதிக்குமேல் திரும்பி வரும்.

"இது கொரோனாவுக்கு அரசாங்கம் கொடுக்கிற பணம், கட்ட வேண்டியதில்லை" என்று அப்போது பகுதியில் ஒரு பேச்சு ஓடியது. அதைக் கேட்டு விட்டுவிட்டவர்கள் உண்டு. அக்கா கேட்கவில்லை. 2021 மார்ச் முதல் ஒவ்வொரு மாதமும் 3 அல்லது 4-ஆம் தேதி, தன் சேமிப்புக் கணக்கில் 890 ரூபாய் கட்டினார். 5-ஆம் தேதி தானாகத் தவணை எடுக்கப்படும் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். 2022 பிப்ரவரியோடு பன்னிரண்டு மாதம் முடிந்தது. டப்பாவை மூடிப் பரணில் வைத்துவிட்டார்.

நவம்பரில் அதிகாரி அப்படிச் சொன்னபின், முதல் வேலையாக அவருடைய கடன் அறிக்கையை எடுத்தோம். இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். வருடத்துக்கு ஒருமுறை, மதிப்பெண்ணோடு கூடிய முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. அக்காவின் மதிப்பெண் 561. அதற்குக் கீழே கடன் விவரம், அதில் மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

அந்தக் கட்டங்களில் இருக்கும் எண்கள்தான் அறிக்கையின் உயிர். மிகப் பழைய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்பதை அவை சொல்லும். 000 என்றால் பாக்கி இல்லை. அக்காவுக்கு 2021 மார்ச் முதல் ஜூன் வரை 000. ஜூலையில் 026. ஆகஸ்டில் 026. செப்டம்பரில் 025. இப்படியே அடுத்த ஜனவரி வரை. பிப்ரவரியில் 023. பிறகு 054, 084, 115. 90 நாளைத் தாண்டியதும் வாராக்கடன். அக்டோபர் கட்டத்தில் 268.

ரசீதுகள் பன்னிரண்டும் உண்மை. அறிக்கையும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கில் வரி போட்ட பிறகுதான் தெரிந்தது.

கடன் கொடுத்தது ஒரு வங்கி. தவணை எடுக்கப்பட்ட சேமிப்புக் கணக்கு இன்னொரு வங்கியில். முதல் நான்கு மாதமும் 890 கட்டி 889 போக, கணக்கில் மிஞ்சியது 4 ரூபாய். ஜூன் கடைசியில் காலாண்டுக் குறுஞ்செய்திக் கட்டணம் 17 ரூபாய் 70 காசு விழுந்தது. இருந்த 4 ரூபாய் போக, மிச்சத்தை ஜூலையில் அக்கா கட்டிய பணத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 5-ஆம் தேதி தவணை எடுக்க வந்தபோது கணக்கில் இருந்தது 876 ரூபாய் 30 காசு. 12 ரூபாய் 70 காசு குறைவு. தவணை திரும்பிப் போனது. திரும்பியதற்கு அபராதம், வரியோடு 295 ரூபாய்.

ஆகஸ்டில் அக்கா வழக்கம்போல 890 கட்டினார். வங்கி வழக்கம்போல 889 எடுத்தது. ஆனால் அந்தப் பணம் ஜூலைக் கணக்கில் வரவானது, ஏனென்றால் பழைய பாக்கிதான் முதலில் தீரும். ஆகஸ்ட் தவணை பாக்கியாக நின்றது. செப்டம்பரில் கட்டியது ஆகஸ்டுக்குப் போனது. இப்படி, ஒவ்வொரு மாதமும் கட்டிக்கொண்டே ஒவ்வொரு மாதமும் ஒரு தவணை பின்னால் இருந்தார். மாதக் கடைசியில் வங்கி தகவல் அனுப்பும்போதெல்லாம் 25, 26 நாள் பாக்கி என்று பதிவானது. கடைசியாக 2022 பிப்ரவரியில் கட்டியது ஜனவரிக்குப் போனது. பிப்ரவரித் தவணை அப்படியே நின்றுவிட்டது. எல்லாம் முடிந்தது என்று அக்கா டப்பாவை மூடினார். அந்த ஒற்றைத் தவணை நாள் எண்ணத் தொடங்கி, மே மாதத்தில் அவரை வாராக்கடன்காரர் ஆக்கியது.

இவ்வளவுக்கும் அந்தச் சேமிப்புக் கணக்கில் 550 சொச்சம் ரூபாய் யாரும் தொடாமல் கிடந்தது.

தவணை திரும்பியதும் குறுஞ்செய்தி வந்திருக்குமே என்று கேட்பீர்கள். வந்தது. எங்களுக்கு வந்தது. படிவம் நிரப்பிய அன்று அக்காவின் போனில் சார்ஜ் இல்லை என்று எங்கள் தோழர் ஒருவர் தன் எண்ணைக் கொடுத்திருந்தார், வங்கியிலும் அதையே பதிந்துவிட்டார்கள். அடுத்த மாதம் அவர் அந்த சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டார். அக்கா கைக்கு வராத குறுஞ்செய்திகளுக்கு அக்காவே கட்டணம் கட்டி, அந்தக் கட்டணத்தாலேயே தவணை தவறியது. இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தண்டல்காரனா இருந்தா அன்னைக்கே வந்து கத்தியிருப்பான்" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. தண்டல்காரன் கத்துவான், அக்கம்பக்கம் பார்க்க அசிங்கப்படுத்துவான். ஆனால் தவணை தவறினால் அன்றே தெரிந்துவிடும். இங்கே யாரும் கத்தவில்லை. கட்டத்துக்குள் ஓர் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

பாக்கித் தவணையும் தாமதக் கட்டணமும் சேர்த்து 1,247 ரூபாய். வங்கியில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், "600 ரூபா கட்டுங்க, செட்டில் பண்ணி முடிச்சிடலாம்" என்று. எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அன்று மாலை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரிடம் பேசியபோது அவர் பதறிவிட்டார். கடன் முழுதாகத் தீர்ந்தால் அறிக்கையில் 'க்ளோஸ்டு' என்று வரும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று வரும். பின்னாளில் கடன் கொடுக்க யோசிப்பவர், "இவர் முழுசாகக் கட்டவில்லை, மிச்சத்தை வங்கி விட்டுக்கொடுத்தது" என்றுதான் அதைப் படிப்பார். 647 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் அந்த ஒரு சொல்லை வருடக்கணக்கில் சுமந்திருப்போம்.

1,247-ஐயும் கட்டினோம். நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கையெழுத்து, முத்திரையோடு வாங்கினோம். இரண்டு மாதம் கழித்து அறிக்கையைப் பார்த்தால் பாக்கி அப்படியே நிற்கிறது. வங்கி தகவலை அனுப்பவில்லை. சான்றிதழை இணைத்துக் கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் முறையீடு பதிந்தோம், கிளைக்கும் நடந்தோம். மூன்றாவது மாதம் 'க்ளோஸ்டு' ஆனது. இப்போது இதற்கு வழி கொஞ்சம் வலுவாக இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், இப்படிப்பட்ட முறையீட்டை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

ஆனால் எந்த முறையீட்டாலும் மாறாத ஒன்று இருந்தது. 026, 054, 115 என்ற அந்த எண்கள். தவறான தகவலைத்தான் திருத்தச் சொல்லலாம். அது தவறல்ல, நடந்தது. மூன்று வருடத்துக் கட்டங்கள் அறிக்கையில் நிற்கும். புதிய மாதங்கள் சேரச்சேரத்தான் பழையவை பின்னால் தள்ளப்படும். அதாவது, வரலாற்றை அழிக்க முடியாது. அதன்மேல் வேறு வரலாறு எழுதத்தான் முடியும். அதற்கும் முதலில் யாராவது ஒரு கடன் கொடுக்க வேண்டும்.

ஒன்பது மாதம் காத்திருந்தோம். கிளைக்குப் புதிய அதிகாரி வந்தார். அவரிடம் பன்னிரண்டு ரசீது, பாஸ்புக், நிலுவையின்மைச் சான்று மூன்றையும் தேதிவாரியாக அடுக்கி ஒரே தாளில் கதையை எழுதிக் கொடுத்தோம். 12 ரூபாய் 70 காசு என்ற வரியை அவர் இரண்டு முறை படித்தார். 2023 செப்டம்பரில் இரண்டாவது கடன் 20,000 கிடைத்தது. தவணை 1,220, பதினெட்டு மாதம். வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் கிடைக்காமலும் போயிருக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த முறை நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை, ஏற்பாடு செய்தோம். கடன் இருக்கும் வங்கியிலேயே சேமிப்புக் கணக்கு. அக்காவின் சொந்த எண். தவணைத் தேதி 10. கணக்கில் எப்போதும் இரண்டு தவணைப் பணம், அதாவது 2,500 ரூபாய், தொடாமல் இருக்க வேண்டும். இதற்காக முதல் கடன் வாரத்திலேயே அந்தப் பணத்தைக் கடனிலிருந்தே ஒதுக்கினோம். அக்காவுக்கு இது முதலில் ஒப்பவில்லை. "வட்டிக்கு வாங்கின காச சும்மா தூங்க வைக்கணுமா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் 889 ரூபாய் தவணைக்கு 890 கட்டியவருக்கு நேர்ந்ததைப் பார்த்தபின், அந்த 2,500-க்கான வட்டியைக் காவல் கூலி என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று, மாதத்துக்கு ஒருமுறை கட்டுவதை விட்டோம். இட்லிக்கடையில் பணம் தினமும் வருகிறது, தினமும் போகிறது. மாதக் கடைசியில் 1,220 ரூபாய் மொத்தமாகக் கையில் நிற்காது. தண்டல் இவ்வளவு காலம் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம், அது வண்டிக்கடையின் வரவுக்கு ஏற்ற அளவில் பணம் கேட்டது. எனவே திங்கள்தோறும் மருத்துவமனைப் பக்கத்து வங்கி முகவரிடம் 350 ரூபாய் என்று வைத்தோம். தவணைக்கு மேல் வரும் மிச்சம் கணக்கிலேயே சேரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கில் வரி போட்டு, தவணை எடுக்கப்பட்டதா என்று கடன் பக்கத்திலும் பார்ப்போம். கட்டியதற்கு ரசீது இருப்பது போதாது, கடன் கணக்கில் வரவாகியிருக்க வேண்டும். முதல் முறை நாங்கள் பார்க்கத் தவறியது இதைத்தான்.

2024 மழைக்காலத்தில் மருத்துவமனைச் சாலையில் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். பதினொரு நாள் வண்டி நிற்கவில்லை. அந்த மாதத் தவணை ஒதுக்கிவைத்த பணத்திலிருந்து போனது. அடுத்த இரண்டு மாதத்தில் அக்கா அதை நிரப்பினார். அறிக்கையில் அந்த மாதத்துக் கட்டத்திலும் 000-தான் இருக்கிறது. பதினொரு நாள் அடுப்பெரியவில்லை என்பது அதில் தெரியாது.

அந்த மழைக்குப் பிறகு விதியும் இறுகியது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதத்துக்கு இரண்டு முறை, 15-ஆம் தேதியும் கடைசி நாளும், நிலவரத்தை அனுப்பத் தொடங்கின. முன்பு 5-ஆம் தேதித் தவணையை 20-ஆம் தேதி கட்டினால், மாதக் கடைசிப் பதிவில் பெரும்பாலும் தெரியாது. 2025 ஜனவரிக்குப் பிறகு 15-ஆம் தேதிப் பதிவில் அது பாக்கியாக நின்றது. "இந்த மாசத்துக்குள்ள கட்டினா போதும்" என்ற நம் பழக்கத்துக்கு இனி இடமில்லை.

2025 மார்ச்சில் பதினெட்டாவது தவணையும் போனது. சான்றிதழ் வாங்கினோம். ஒரு மாதம் கழித்து அறிக்கை எடுத்தோம். பதினெட்டு கட்டத்திலும் 000, 'க்ளோஸ்டு', மதிப்பெண் 724.

அடுத்த படி ஸ்வநிதியின் 50,000-ஆக இருந்திருக்கும். ஆனால் அந்தத் திட்டத்தில் கடன் கொடுக்கும் காலம் 2024 டிசம்பரோடு முடிந்திருந்தது. 2025 ஆகஸ்டில்தான் அதை 2030 மார்ச் வரை நீட்டித்து, படிகளை 15,000, 25,000, 50,000 என்று மாற்றினார்கள். காத்திருக்க மனமில்லாமல் ஜூனில் முத்ராவுக்குப் போனோம். அதில் 50,000 வரை சிசு, அதற்குமேல் 5 லட்சம் வரை கிஷோர். அக்கா கேட்டது 1,50,000. மருத்துவமனைக்கு எதிரே ஒரு சிறிய கடைக்கு முன்பணம், சாய்த்து ஊற்றும் பெரிய கிரைண்டர், இட்லி அவிக்கும் ஸ்டீமர், அடுப்பு, பாத்திரம். விலைப்பட்டியல் வாங்கி வைத்தோம். உத்யம் பதிவு இலவசம், அதைச் செய்தோம். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு அப்போது வருடத்துக்கு 100 ரூபாய் ஆனது. வண்டிக்கடைக்கு ஒரு பெயரும் வந்தது.

அதிகாரி அறிக்கையைப் பார்த்தார், மதிப்பெண்ணில் குறை சொல்லவில்லை. பழைய வாராக்கடனைப் பற்றிக் கேட்டார், எங்கள் ஒற்றைத் தாளைக் கொடுத்தோம். பிறகு அறிக்கையின் மேல்பகுதிக்கு வந்தார். அங்கே முகவரி இருக்கிறது. 'ஆதிதிராவிடர் காலனி' என்று முழுதாக அச்சாகியிருக்கிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். கடன் அறிக்கையின் முகவரி வரிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அதைப் படித்த பிறகுதான் அவர் கேட்டார்: "வீட்டுப் பத்திரம் இருக்கா? ஜாமீனுக்கு ஊர்ல தெரிஞ்சவங்க யாராவது?"

முகவரிதான் அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது என்று எங்களால் நிரூபிக்க முடியாது. வாடிக்கையாக எல்லோரிடமும் கேட்பதாகவும் இருக்கலாம். நாங்கள் வாதாடவில்லை. குறுந்தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி அறிவுறுத்தலின் நகலை மேசையில் வைத்தோம். அவர் படித்துவிட்டு, மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஆகஸ்டில் ஒரு லட்சம் வந்தது. கேட்டதில் மூன்றில் இரண்டு பங்கு. மூன்று வருடம், மாதம் 3,300-க்குச் சற்றுக் குறைவான தவணை. பெரிய கிரைண்டர் வந்துவிட்டது. ஸ்டீமர் அடுத்த கடனுக்கு.

கடன் வரலாறு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது எங்களுக்கு அந்த மேசையில்தான் விளங்கியது. முன்பெல்லாம், "உன்னை யாருக்குத் தெரியும்?" என்பதே வங்கியின் முதல் கேள்வி. ஊர்த்தெருவில் சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர் அதோடு திரும்பிவிடுவார். பதினெட்டு 000 இருந்ததால் அந்தக் கேள்வி கடைசிக்குப் போனது, விதியைக் காட்டிப் பதில் சொல்லவும் முடிந்தது. ஆனால் கேள்வி ஒழியவில்லை. அறிக்கை கதவைத் திறக்கும். உள்ளே நாற்காலியில் இருப்பவரை மாற்றாது.

இதை ஒரு தனி அக்காவின் கதையாக விட்டுவிடவும் முடியாது. தாட்கோ வழியாக வரும் திட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டுக்கு 35 சதவீத மானியமும் வட்டியில் 6 சதவீத மானியமும் உண்டு. நம் இளைஞர்கள் ஆர்வத்தோடு விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் மானியத்தை அரசு கொடுத்தாலும் கடனை ஒப்புக்கொள்ள வேண்டியது வங்கி. வங்கி பார்ப்பது அந்த அறிக்கையை. கல்லூரி நாளில் போன் வாங்கிய தவணையில் கடைசி 800 ரூபாய் நின்றுபோய், ஐந்து வருடம் கழித்து அந்தக் கட்டத்தில் தடுக்கி விழுந்த ஒரு தம்பியை எங்களுக்குத் தெரியும். வரலாறே இல்லாதவரை அதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கெட்டுப்போன வரலாற்றுக்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை. அதனால் பெரிய கடன் கேட்கப்போகும் வாரத்தில் அல்ல, ஒரு வருடம் முன்பே அறிக்கையை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

போன மாதம் அக்காவின் மருமகளுக்குப் பூக்கடைக்காக 15,000 ரூபாய்க்கு விண்ணப்பம் எழுதினோம். நகராட்சியில் வாங்கிய வியாபாரிச் சான்று, ஆதார், பாஸ்புக் எல்லாம் மேசையில் இருந்தன. அக்கா புதுக் கடைக்குள் மாவு அரைத்துக்கொண்டிருந்தார். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்து, படிவத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எண்கள் நன்றாகத் தெரியும்.

"போன் நம்பர் யாருது பாப்பா?" என்று மருமகளைக் கேட்டார்.

"என்னுதுதான் அத்தை."

"சொல்லு பாப்போம்" என்றார். அவள் சொல்லச் சொல்ல, படிவத்தில் விரல் வைத்துப் பத்து எண்ணையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகுதான் எங்களிடம் கொடுத்தார்.